பக்கத்துக்கு எவ்வளவு?

புத்தக லேஅவுட் செய்பவருக்கு வரும் அழைப்புகளில் முக்கால்வாசி இந்தக் கேள்வியோடுதான் தொடங்கும். ஒரு தொகையைச் சொன்னால் பேச்சு முடிந்துவிடும் என்று தோன்றும். முடியாது. மொத்தம் எத்தனை பக்கம் வரும், அட்டை அதில் சேர்த்தியா, திருத்தம் எத்தனை முறை, அச்சகத்தில் நீங்களே பேசுவீர்களா என்று ஒவ்வொன்றாகக் கிளம்பும். அரை மணி நேரம் பேசி, கைப்பிரதியை வாங்கிப் பார்த்து, ராத்திரி உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டு அனுப்பினால், "யோசிச்சுட்டுச் சொல்றேன் தம்பி" என்று பதில் வரும். அடுத்த வாரம் வேறொருவர் கூப்பிடுவார். மறுபடியும் முதலிலிருந்து.

விலை சொல்வதற்காகச் செய்யும் இந்த வேலைக்கு யாரும் காசு தருவதில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாக யோசித்துச் சொல்வதால் விலையும் ஒரே சீராக இருப்பதில்லை. கையில் வேலை இல்லாத மாதத்தில் குறைத்துச் சொல்கிறோம், மூச்சுவிட நேரமில்லாத மாதத்தில் ஏற்றிச் சொல்கிறோம். பிறகு அந்த இரண்டு எழுத்தாளர்களும் சென்னைப் புத்தகக் காட்சியில் ஒரே ஸ்டாலில் சந்தித்துப் பேசிக்கொள்கிறார்கள்.

கல்யாண போட்டோகிராபர்கள் இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துக்கொண்டார்கள். ஆல்பத்தில் எத்தனை தாள், வீடியோ உண்டா, ட்ரோன் உண்டா என்று மூன்று பேக்கேஜ் போட்டு அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். 2010இல் ஐந்து டாலர் வேலைகளோடு தொடங்கிய ஃபைவர் தளமும் பின்னாளில் அதே வழிக்குத்தான் வந்தது. அங்கே விற்பவர் தன் வேலையை மூன்று அடுக்காகப் பிரித்து, எதில் என்ன கிடைக்கும் என்று கட்டம் போட்டுக் காட்டலாம். புத்தக வடிவமைப்பு, கணக்கு எழுதுதல், மொழிபெயர்ப்பு, வலைத்தளம் செய்து தருதல் என்று தனியாளாகச் செய்யும் பல தொழில்களுக்கும் இது பொருந்தும். ஆனால் எல்லாவற்றையும் மேலோட்டமாகச் சொல்வதைவிட, புத்தக வடிவமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு கடைசிவரை கணக்குப் போட்டுப் பார்ப்போம். இதில் வரும் தொகைகள் உதாரணத்துக்காகப் போட்டவை, சந்தை விலை அல்ல.

முதல் வேலை பழைய வேலைகளைத் தோண்டுவது. கடைசியாகச் செய்த பத்துப் பதினைந்து புத்தகங்களை எடுத்துக்கொண்டு, எதற்கு எவ்வளவு வாங்கினோம், எத்தனை மணி நேரம் போனது என்று எழுத வேண்டும். நேரம் குறித்து வைக்கும் பழக்கம் இல்லாதவர்கள் கோப்புகளின் தேதி, வாட்ஸ்அப் உரையாடல், மின்னஞ்சல் ஆகியவற்றைப் பார்த்து ஓரளவு கணிக்கலாம். தொலைபேசிப் பேச்சையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அதைச் சேர்க்காமல் போடும் கணக்கு எதுவும் உருப்படாது.

நம் வடிவமைப்பாளரின் பட்டியலில் இரண்டு வரிகளைப் பார்ப்போம். ஒன்று, முப்பதாயிரம் சொற்கள் கொண்ட நாவல். 9,000 ரூபாய் வாங்கினார், 22 மணி நேரம் ஆனது. மற்றது, இருபதாயிரம் சொற்கள் கொண்ட வரலாற்றுக் கட்டுரைத் தொகுப்பு. பக்கம் குறைவு என்பதால் 8,000 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டார், 38 மணி நேரம் ஆனது. நாவலில் மணிக்கு 409 ரூபாய் கிடைத்திருக்கிறது, கட்டுரைத் தொகுப்பில் 210. இரண்டாவது புத்தகத்தில் 140 அடிக்குறிப்புகளும் 45 படங்களும் இருந்தன. நேரத்தைத் தின்றவை அவைதான். பக்கக் கணக்கில் விலை வைத்தால் இது கண்ணிலேயே படாது.

பக்கத்தை அலகாக வைப்பதில் இன்னொரு சங்கடமும் உண்டு. பக்கம் என்பது வேலை முடிந்த பிறகு தெரியும் எண். எழுத்தின் அளவை அரைப் புள்ளி கூட்டினாலோ, வரிகளுக்கு இடையே கொஞ்சம் காற்று விட்டாலோ, டெம்மி அளவில் 180 பக்கம் வந்த புத்தகம் 200 பக்கமாகிவிடும். அந்த முடிவை எடுப்பவர் வடிவமைப்பாளர், காசு கொடுப்பவர் எழுத்தாளர். பணத்துக்காகத்தான் எழுத்தைப் பெரிசாக்கினாரோ என்ற சந்தேகம் வர அது போதும். சொல் எண்ணிக்கை அப்படியல்ல. கைப்பிரதி கைக்கு வந்த அன்றே வேர்டு காட்டிவிடும், இருவரும் ஒரே எண்ணைப் பார்க்கலாம். வேலை தொடங்கும் முன்பே எண்ணிவிடக்கூடிய ஒன்றைத்தான் அலகாக வைக்க வேண்டும். பேக்கேஜ் போடுவதில் பாதி வேலை இந்த அலகைக் கண்டுபிடிப்பதுதான் என்று சொல்வேன்.

அடுத்து, அடுக்குகளை எதை வைத்துப் பிரிப்பது? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். 'சாதாரணம், நல்லது, மிக நல்லது' என்று தரத்தை வைத்துப் பிரிப்பவர்கள் உண்டு. குறைந்த விலைக்குக் குறைந்த கவனம் என்பது புத்தகத்தில் நடக்காது. வரி முடிவில் ஒற்றை எழுத்து தனியே தொங்குவதைப் பார்த்த பிறகு, இவர் கீழ் அடுக்குக்காரர்தானே என்று யாரும் விட்டுவிடப் போவதில்லை. அப்படியே விட்டாலும் புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் நம் பெயர் அச்சாகியிருக்கும்.

வேலை எவ்வளவு தூரம் போகிறது என்பதை வைத்துப் பிரிப்பதே நல்லது. முதல் அடுக்கில் உள்பக்கங்கள் மட்டும். அச்சுக்குத் தயாரான பிடிஎஃப் கொடுத்ததும் வேலை முடிந்தது. இரண்டாவதில் உள்பக்கங்களோடு அட்டையும் உண்டு. மூன்றாவதில் அதற்கும் மேலே, இரண்டு அச்சகங்களிடம் விலை வாங்கித் தருவது, மாதிரிப் பிரதியைச் சரிபார்ப்பது, கிண்டிலில் ஏற்றுவதற்கான மின்னூல் கோப்பு ஆகியவை. கைப்பிரதி எவ்வளவு சிக்கலானது என்பதையும் இன்னொரு திசையில் அடுக்கினால் மூன்றும் மூன்றும் பெருகி ஒன்பது விலை ஆகிவிடும். பிறகு பழைய குழப்பமேதான். அதனால் சிக்கலை வாசலிலேயே நிறுத்த வேண்டும். மூன்று அடுக்குக்கும் பொதுவாக, கைப்பிரதி நாற்பதாயிரம் சொற்களுக்குள், 30 அடிக்குறிப்புகளுக்குள், 10 படங்களுக்குள் இருக்க வேண்டும். மேலே போனால் பத்து அடிக்குறிப்புக்கு 250 ரூபாய், ஒரு படத்துக்கு 60 ரூபாய் என்று கூடுதல் விலை முன்கூட்டியே அச்சில் இருக்கும்.

இனி விலை. நம் ஆளுக்கு மாதம் 45,000 ரூபாய் வேண்டும். மாதத்தில் காசு வரும் வேலைக்கு அவரால் உண்மையாக ஒதுக்க முடிவது நூறு மணி நேரம். மீதி நேரம் பேச்சுக்கும் பில்லுக்கும் அலைச்சலுக்கும் போய்விடும். ஆக மணிக்கு 450 ரூபாய். பட்டியல்படி வரம்புக்கு உட்பட்ட புத்தகத்தின் உள்பக்கங்களுக்கு 24 மணி நேரம் பிடிக்கிறது. 10,800 ரூபாய். இதன் மேல் ஐந்தில் ஒரு பங்கு சேர்க்க வேண்டும். விலையை முன்கூட்டியே கட்டிப்போடுவதால், சில வேலைகள் கணக்கை மீறும். அந்த நஷ்டத்தை எழுத்தாளரிடம் போய்க் கேட்க முடியாது. சேர்த்தால் 12,960, அதாவது 13,000. அட்டைக்கு இன்னொரு 10 மணி நேரம் என்றால் இரண்டாம் அடுக்கு அதே கணக்கில் 18,500 ரூபாய்க்கு வரும். அச்சகமும் மின்னூலும் மேலும் 12 மணி நேரம் கேட்கும். மூன்றாவது 25,000 ரூபாய்.

இந்த விலையைப் பழைய கட்டுரைத் தொகுப்பில் வைத்துப் பார்க்கலாம். அடிப்படை 13,000 ரூபாய். வரம்புக்கு மேல் 110 அடிக்குறிப்புகளுக்கு 2,750. மேலே போன 35 படங்களுக்கு 2,100. மொத்தம் 17,850. அதே 38 மணி நேரத்துக்கு மணிக்கு 470 ரூபாய் அளவில் வருகிறது. நாவலின் கூலிக்கும் தொகுப்பின் கூலிக்கும் இடையே இருந்த இடைவெளி இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறது. கூடுதல் விலைகளைச் சரியாக வைத்திருக்கிறோமா என்று அறிய இதுவே சோதனை. பழைய வேலைகளைப் புதிய விலையில் ஓட்டிப் பார்த்து, எது மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது என்று கவனிக்க வேண்டும்.

விலையைவிட எல்லைதான் முக்கியம். அந்த எல்லை உடைவது பெரும்பாலும் புரூஃபில். 'இரண்டு முறை திருத்தம் இலவசம்' என்று எழுதினால் போதும் என நினைப்பவர்கள், ஒரு முறை என்றால் என்ன என்று எழுதுவதில்லை. காலையில் வாட்ஸ்அப்பில் மூன்று படம், மதியம் ஒரு குரல் பதிவு, ராத்திரி பதினோரு மணிக்கு, "தம்பி, 47ஆம் பக்கத்துல 'மாமா'வை எல்லாம் 'அத்திம்பேர்' ஆக்கிடுங்க" என்று ஒரு செய்தி. இது ஒரு முறையா, மூன்றா? 'அளவுச் சாப்பாடு' என்று பலகை வைத்துவிட்டு, அளவு என்ன என்று சமையலறையிலும் யாருக்கும் தெரியாத ஓட்டல் மாதிரி ஆகிவிடும்.

அதனால் ஒரு சுற்று என்பதற்கு முழு விளக்கம் வேண்டும். புத்தகம் முழுவதையும் படித்து, எல்லாத் திருத்தங்களையும் அந்த பிடிஎஃப் மீதே குறித்து, ஒரே கோப்பாக அனுப்புவது ஒரு சுற்று. முதல் சுற்றில் 300 திருத்தங்கள் வரை, இரண்டாவதில் 80 வரை. வடிவமைப்பாளர் செய்த தவறுகள் இந்தக் கணக்கில் வராது. அவற்றை எப்போது கண்டாலும் காசில்லாமல் சரிசெய்ய வேண்டும். இந்த ஒரு வரி இருந்தால் மற்ற நிபந்தனைகளை எழுத்தாளர்கள் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்வார்கள்.

இரண்டாம் சுற்றுக்குப் பிறகு புதிய பத்தி சேர்க்க முடியாது என்பதையும் காரணத்தோடு சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் பக்கத்தில் ஆறு வரி சேர்ந்தால் அந்த அத்தியாயத்தின் கடைசிப் பக்கம் வழிந்து புதுப் பக்கம் பிறக்கும். அதற்கடுத்த அத்தியாயங்கள் எல்லாம் நகரும். பொருளடக்கத்தில் எண்கள் மாறும். அச்சகத்தில் பதினாறு பக்கம் ஒரு பாரம். சரியாகப் பன்னிரண்டு பாரத்தில், 192 பக்கத்தில் நின்ற புத்தகம் 194 ஆனால், அந்த இரண்டு பக்கத்துக்காக அச்சுச் செலவு ஏறும், அல்லது வெற்றுப் பக்கங்கள் சேரும். 192 பக்கம் என்றால் 96 தாள். தாள் ஒன்று 0.1 மில்லிமீட்டர் என்றால் புத்தகத்தின் முதுகு ஒன்பதரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலே. தாள்கள் கூடக் கூட முதுகும் தடிக்கும். அந்த அளவுக்குச் செய்துவைத்த அட்டையில் எழுத்து நடுவிலிருந்து விலகி நிற்கும். இதை ஒருமுறை விளக்கிச் சொன்னால் பெரும்பாலோர் அந்த ஆறு வரியைத் தாங்களே கைவிட்டுவிடுகிறார்கள்.

எழுத்தாளர் தர வேண்டியதும் எல்லைக்குள் அடங்கும். கைப்பிரதி யூனிகோடில், ஒரே கோப்பாக, மெய்ப்புப் பார்த்து முடிந்ததாக இருக்க வேண்டும். தமிழில் இது சின்ன நிபந்தனை இல்லை. பாமினியிலோ வானவில்லிலோ இருபது வருடங்களுக்கு முன் அடித்துவைத்த கோப்புகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. மாற்றும் கருவியில் போட்டால் முக்கால் பங்கு சரியாக வரும். 'ஸ்ரீ'யும் 'க்ஷ'வும் மேற்கோள் குறிகளும் எங்காவது சிதைந்திருக்கும், அதைக் கண்ணால்தான் தேட வேண்டும். அதனால் எழுத்துரு மாற்றம் என்பது தனி விலையோடு ஒரு துணை வேலை. ஐஎஸ்பிஎன் எண் வாங்குவது எழுத்தாளர் அல்லது பதிப்பகத்தின் பொறுப்பு. நம் நாட்டில் அதற்குக் கட்டணம் கிடையாது. விண்ணப்பித்தால் அரசு நிறுவனமே தருகிறது.

பணம் மூன்று தவணை. கைப்பிரதி நிபந்தனைக்குப் பொருந்துகிறது என்று ஒத்துக்கொண்ட அன்று பாதி, முதல் புரூஃப் அனுப்பும்போது கால், அச்சுக்கான பிடிஎஃப் கொடுக்கும் முன் மீதிக் கால். புரூஃப் அனுப்பிப் பதினைந்து நாள் பதில் இல்லையென்றால் அந்த வேலை வரிசையிலிருந்து இறங்கிவிடும், திரும்ப வரும்போது கடைசியில் நிற்கும். இது கடுமையாகத் தெரியலாம். சென்னைப் புத்தகக் காட்சிக்கு முந்தைய நவம்பரிலும் டிசம்பரிலும் வேலை செய்து பார்த்தவர்களுக்குத் தெரியாது. ஆகஸ்டில் காணாமல் போனவர்கள் எல்லாம் அப்போதுதான் ஒன்றாகத் திரும்பி வருவார்கள்.

இவ்வளவையும் ஒரே ஒரு பக்கத்தில் எழுதிவிட முடியும், முடிய வேண்டும். மேலே மூன்று கட்டம், நடுவே வரம்புகள், கீழே கூடுதல் வேலைகளின் விலை. அதன் பிறகு விற்பனைப் பேச்சு இப்படிப் போகும்.

"தம்பி, ஒரு புக் போடணும். பக்கத்துக்கு எவ்வளவு?"

"வணக்கங்க ஐயா. மொத்தம் எத்தனை சொல் இருக்குன்னு வேர்டுல கீழே காட்டும், பார்த்துச் சொல்றீங்களா?"

"முப்பத்தாறாயிரம்னு காட்டுது."

"படம், அடிக்குறிப்பு இருக்குங்களா? கைப்பிரதியை யாராவது மெய்ப்புப் பார்த்துட்டாங்களா?"

"படம் இல்லை. மெய்ப்பு நம்ம தலைமையாசிரியர் ஒருத்தர் பார்த்துட்டார்."

"அப்ப விலைப் பட்டியல் அனுப்புறேங்க. உள்பக்கம் மட்டும்னா பதிமூணாயிரம், அட்டையோட பதினெட்டாயிரத்து ஐநூறு. இன்னைக்குக் கொடுத்தீங்கன்னா அஞ்சு வாரத்துல முடியும்."

"பதினஞ்சுக்கு முடிச்சுக் குடுங்களேன், தெரிஞ்சவங்க சொல்லித்தான் வந்திருக்கேன்."

"பதினஞ்சுக்கு முடிக்கணும்னா அட்டையை வேற யார்கிட்டயாவது பண்ணிக்கலாம் ஐயா. உள்பக்கம் பதிமூணாயிரத்துல நல்லபடியா வந்துடும்."

இந்தக் கடைசிப் பதிலைக் கவனியுங்கள். விலையைக் குறைக்கவில்லை, வேலையைக் குறைத்தார். பேரத்துக்கு இடமே கொடுக்காமல் விறைப்பாக நிற்பதும் நம் ஊரில் எடுபடாது. அடுக்குகள் இருப்பதால் இறங்கிவர ஒரு படி இருக்கிறது. அதில் இறங்கும்போது மணிக்கூலி குறைவதில்லை. ஒரே வேலையை 15,000 ரூபாய்க்குச் செய்ய ஒத்துக்கொண்டால் பட்டியல் அன்றே செத்துப்போகும், ஏனென்றால் அவரை அனுப்பிய தெரிந்தவரும் 18,500 கொடுத்தவராக இருக்கலாம்.

பட்டியல் வந்த பிறகுதான் வேலையும் ஒழுங்காகிறது. ஒரே மாதிரி வேலை திரும்பத் திரும்ப வருவதால் டெம்மி அளவுக்கு ஒரு மாதிரிக் கோப்பு, தலைப்புக்கும் பத்திக்கும் நிலையான ஸ்டைல், புரூஃப் அனுப்பும்போது எழுதும் கடிதம் எல்லாம் தயாராக இருக்கும். 24 மணி நேரம் பிடித்த வேலை ஆறேழு புத்தகத்துக்குப் பிறகு 19 மணி நேரத்தில் முடிகிறது. மணிக்கணக்கில் கூலி வாங்குபவருக்கு இது நஷ்டம். கட்டிப்போட்ட விலை வாங்குபவருக்கு மிச்சமாகும் ஐந்து மணி நேரம் அவருடையது.

பட்டியல் தப்பாக இருந்தால் அதுவும் சீக்கிரமே தெரிந்துவிடும், நேரம் குறிக்கும் பழக்கத்தை மட்டும் விடாமல் இருந்தால். தொடர்ந்து மூன்று வேலையில் ஒரே கட்டத்தில் நேரம் மீறினால் எல்லை அங்கே தளர்வாக இருக்கிறது என்று அர்த்தம். அட்டைக்குப் பத்து மணி நேரம் என்று போட்டது பதினாறு ஆகிறதென்றால் பெரும்பாலும் எத்தனை மாதிரி காட்டுவது என்று எழுதியிருக்க மாட்டார்கள். இரண்டு மாதிரி, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒரு முறை மெருகேற்றுவது என்று எழுதியதும் அது அடங்கும். பாதிப் பேர் ஒரே துணை வேலையைக் கேட்கிறார்கள் என்றால், அதைத் தனியே விற்பதை விட்டு அடுக்குக்குள் சேர்த்து விலையை ஏற்றிவிடலாம். மூன்றாம் அடுக்கை ஒரு வருடமாக யாருமே எடுக்கவில்லை என்றால் அச்சகம் பேசித் தருவதற்கு யாரும் காசு தரத் தயாராக இல்லை என்று புரிந்துகொண்டு, மின்னூலை மட்டும் வைத்துக்கொள்ளலாம். பத்துப் பேரில் பத்துப் பேரும் மறுபேச்சில்லாமல் சம்மதிக்கிறார்கள் என்றால் விலை குறைவு. அடுத்த பட்டியலில் ஏற்ற வேண்டியதுதான். பழைய விலை எந்தத் தேதிவரை என்று பட்டியலிலேயே போட்டுவைத்தால் ஏற்றும்போது சண்டை வராது.

எல்லா வேலையும் இதில் அடங்காது. ஒரே மாதிரி ஐந்தாறு வேலை செய்து பார்க்காதவர் பேக்கேஜ் போட்டால் அது வெறும் ஊகம். கவிதைத் தொகுப்பில் சொல் எண்ணிக்கை பொய் சொல்லும். எட்டாயிரம் சொற்கள் 120 பக்கமாகப் பரவும், ஒவ்வொரு பக்கமும் கண்ணால் நிறுத்தி வைக்க வேண்டியது. அதற்குக் கவிதை எண்ணிக்கையை வைத்துத் தனிப் பட்டியல் வேண்டும். அகராதி, மருத்துவப் பாடநூல், நானூறு பேரின் கட்டுரைகளோடு வரும் விழா மலர் போன்றவை எந்தப் பட்டியலிலும் நுழையாது. அவற்றுக்கு முதலில் பத்துப் பக்கத்தை மட்டும் காசுக்கு வடிவமைத்துக் கொடுத்து, எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்த பிறகே மொத்த விலையைச் சொல்ல வேண்டும். விழா மலர்க்காரர்கள் அந்தப் பத்துப் பக்கத்துக்கே காசா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொன்னதும் பாதிப் பேர் போய்விடுவார்கள். போகட்டும், அந்தப் பாதியில்தான் விழாவுக்கு முதல்நாள் இரவுவரை கட்டுரை அனுப்பிக்கொண்டே இருப்பவர்கள் இருக்கிறார்கள்.